வெளியே தள்ளியது குடல் அல்ல, முட்டைக்குழாய்: முட்டைக்கோழிக்கு முதலுதவியும் அறுப்பதற்கான நேரமும்

குளுவாங்கில் அம்மா வசிக்கும் தாமான் வீட்டின் பின்புறம் ஏழு சிவப்புக் கோழிகள் இருந்தன. பக்கத்து முட்டைப் பண்ணையில் காலம் முடிந்துபோன கோழிகளை ஆட்களுக்கு விற்பார்கள். மலாய்க்காரர்கள் இவற்றை ‘ஆயாம் பென்சென்’ என்பார்கள். நம்மவர்கள் பென்சன் கோழி என்கிறார்கள். ஒன்று 10 வெள்ளிக்கு வாங்கிய கோழிகள், இரண்டு மாதமாக நன்றாகவே முட்டையிட்டுக் கொண்டிருந்தன. 2025 ஆகஸ்ட் முதல் தேதியோடு முட்டைக்கான அரசாங்க உதவித்தொகை முழுவதும் நிறுத்தப்பட்ட பிறகு, “நாலு கோழி இருந்தா வீட்டுக்குப் போதும்” என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அம்மா அழைத்தார். ஒரு கோழியின் பின்புறம் சிவப்பாக, எலுமிச்சம்பழ அளவில் ஏதோ தொங்குகிறது, மற்ற இரண்டு கோழிகள் அதைத் துரத்தித் துரத்திக் கொத்துகின்றன என்றார். பக்கத்து வீட்டுத் தாத்தா தோட்டத்தில் இருந்த காலத்திலேயே கோழி வளர்த்தவர். வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “குடல் தள்ளிடுச்சிமா, அறுத்துடுங்க” என்றார்.

தாத்தா சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. அந்தப் பாதித் தவறைச் சரியாகப் புரிந்துகொண்டால் பல கோழிகளைக் காப்பாற்றலாம். பாதிச் சரியைப் புரிந்துகொண்டால், காப்பாற்ற முடியாத கோழியை வீணாகத் துன்பப்படுத்தாமல் இருக்கலாம்.

வெளியே வருவது எது?

கோழிக்குப் பின்புறம் ஒரே ஒரு துவாரம்தான். எச்சமும் அதன் வழியே வருகிறது, முட்டையும் அதன் வழியே வருகிறது. ஆனால் உள்ளே இரண்டும் தனித்தனிப் பாதைகள். முட்டையிடும் நேரத்தில் முட்டைக்குழாயின் கடைசிப் பகுதி, சட்டைக் கையை உள்புறம் வெளியே வரும்படி இழுப்பதுபோல, முட்டையைச் சுற்றிக்கொண்டு துவாரத்திற்கு வெளியே வரும். அதனால்தான் முட்டை எச்சத்தில் படாமல் சுத்தமாக வந்து விழுகிறது. முட்டை விழுந்ததும் அந்தச் சிவந்த சதை தானாக உள்ளே திரும்பிவிடும். முட்டையிட்ட கோழியை உடனே பார்த்தவர்களுக்கு இந்தச் சிவப்பு ஒரு கணம் தெரிந்திருக்கும். அது இயல்பானதுதான்.

அந்தச் சதை உள்ளே திரும்பாமல் வெளியிலேயே நின்றுவிடுவதைத்தான் அடி தள்ளுதல் என்கிறோம். முட்டை மிகப் பெரிதாக இருந்து தசை அளவுக்கு மீறி விரிந்திருக்கலாம். தசைக்குச் சுருங்கும் வலு இல்லாமல் போயிருக்கலாம். வயிற்றுக்குள் கொழுப்பு நிறைந்து உள்ளே இடமில்லாமல் போயிருக்கலாம். எப்படியானாலும், பெரும்பாலும் வெளியே இருப்பது குடல் அல்ல, முட்டைக்குழாயின் முனைதான்.

முட்டை அடைப்பு இதன் மறுபக்கம். முட்டை வெளியே வராமல் குழாயின் கடைசியிலேயே சிக்கிக்கொள்கிறது. கோழி முக்கி முக்கிப் பார்க்கிறது. முக்கும்போது சதை வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஆகவே இந்த இரண்டு தொல்லைகளும் பல வேளைகளில் ஒன்றாகவே வரும். அடி தள்ளிய கோழியைப் பார்த்தால், உள்ளே முட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான்.

முதல் வேலை: தனியே பிரிப்பது

மருந்து, தண்ணீர், கையுறை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, அந்தக் கோழியை மற்றவற்றிலிருந்து பிரிப்பதுதான். ஈரமான சிவப்பு நிறம் கோழிகளைக் கொத்தத் தூண்டும். ஒன்று கொத்தினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். சதை கிழிந்து இரத்தம் வந்தபின் நிறுத்தவே முடியாது. முட்டைக்குழாயோடு குடலையும் இழுத்துப் போட்டுவிடும். தாத்தா தோட்டத்தில் பார்த்த ‘குடல் தள்ளிய’ கோழிகள் பெரும்பாலும் இப்படிக் கொத்துப்பட்டவைதான். அடி தள்ளியதைவிட, மற்ற கோழிகள் கொத்தியதாலேயே கோழிகள் விரைவில் சாகின்றன.

நம் ஊரில் இன்னோர் எதிரி ஈ. ஜொகூரின் வெயிலுக்கும் ஈரத்துக்கும், வெளியே தொங்கும் சதையில் ஈ முட்டையிட ஒரு மத்தியானமே போதும். அடுத்த நாளே புழு வைத்துவிடும். ஆகவே பிரித்த கோழியை வீட்டுக்குள், ஈ வராத அறையில், காற்றுத் துளையுள்ள ஓர் அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். அடியில் மரத்தூள் போடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். சுத்தமான பழைய துணி நல்லது.

சதையை உள்ளே தள்ளும் முறை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோழியைத் துண்டால் சுற்றி, இறக்கைகள் அடிக்காதபடி, அதன் தலை தம் அக்குளின் பக்கம் இருக்கும்படி அணைத்துக்கொள்ள வேண்டும். தலைகீழாகத் தூக்கக் கூடாது. மற்றவர் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

முதலில் சதையின் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ ஈரமாக இருந்தால் உயிருள்ள சதை. கருநீலமாக, கறுப்பாக, காய்ந்து, நாற்றமடித்தால் அந்தச் சதை செத்துவிட்டது. செத்த சதையை உள்ளே தள்ளுவதால் பயனில்லை. அந்தக் கோழிக்கு என்ன செய்வது என்பதைக் கீழே பார்ப்போம்.

சதை உயிரோடு இருந்தால் கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு போதும். அதை மெதுவாக ஊற்றி எச்சம், மண், இறகு எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும். தேய்க்கக் கூடாது. டெட்டால் போன்றவற்றை அப்படியே ஊற்றினால் சதை வெந்துவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் தடவும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள்.

வெளியே நின்ற சதை சில மணி நேரத்தில் நீர்கோத்து வீங்கிவிடும். வீங்கிய சதை உள்ளே போகாது. அழுத்தித் தள்ளினால் கிழியும். இதற்கு வீட்டிலிருக்கும் வெள்ளைச் சீனியே மருந்து. சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துச் சதையின்மேல் அப்பி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், அது வீக்கத்து நீரை வெளியே இழுக்கும். சதை கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கும். பிறகு உப்புத் தண்ணீரால் சீனியைக் கழுவிவிட வேண்டும். சீனி ஒட்டியிருந்தால் எறும்பு வந்துவிடும்.

அடுத்து மருந்தகத்தில் கிடைக்கும் வழவழப்பான ஜெல்லையோ வாசலினையோ நன்றாகத் தடவி, சதையின் நடுப்பகுதியை ஒரு விரலால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். சட்டைக் கையைத் திரும்ப உள்ளே விடுவதை நினைத்துக்கொண்டால் கைக்கு வழி தெரியும். கோழி முக்கும்போது தள்ளாதீர்கள். அது முக்கலை நிறுத்தும்போது தள்ளுங்கள். உள்ளே போனதும் விரலை உடனே எடுக்காமல், துவாரத்தின்மேல் இரண்டு நிமிடம் வைத்திருங்கள்.

மூலத்திற்குப் போடும் களிம்பைச் சிலர் தடவுகிறார்கள். அதில் மரத்துப்போகும் மருந்து கலந்திருந்தால் பறவைகளுக்கு ஆபத்து. லிக்னோகேய்ன், பென்சோகேய்ன் என்று ‘கேய்ன்’ என முடியும் பெயர் ஏதாவது உறையில் இருந்தால் கோழிக்குப் போட வேண்டாம்.

நாளைய முட்டை ஏற்கனவே உள்ளே இருக்கிறது

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இதையெல்லாம் செய்தோம். சதை உள்ளே போய்விட்டது. கோழி சாயங்காலம் தீனி தின்றது. அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. திங்கட்கிழமை மத்தியானம் அது இன்னொரு முட்டை போட்டது. சதை மறுபடியும் வெளியே வந்துவிட்டது.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். ஒரு முட்டை உருவாகிக் கோழியின் வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு பிடிப்பதற்கே போகிறது. அதாவது இன்று சதையை உள்ளே தள்ளும்போது, நாளைய முட்டை பல வேளைகளில் ஏற்கனவே உள்ளே தயாராகிக் கொண்டிருக்கும். விரிந்து புண்ணான தசை ஆறுவதற்கு முன் அடுத்த முட்டை வந்து அதையே மறுபடி விரிக்கிறது. சதையை உள்ளே தள்ளுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, முட்டையிடுவதை நிறுத்துவது.

கோழி முட்டையிடுவதை நிறுத்த வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை எட்டு மணி நேரம் மட்டும் மங்கலான வெளிச்சம், மற்ற நேரமெல்லாம் இருட்டு. தீனியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைக்கலாம். பட்டினி போடக் கூடாது, தண்ணீரை எடுக்கவே கூடாது. இப்படி வைத்தாலும் முட்டை அன்றே நிற்காது. சில நாள் ஆகும். அந்தச் சில நாளும் தினம் இரண்டு தடவை பார்த்து, சதை வெளியே வந்தால் மறுபடியும் கழுவி உள்ளே தள்ள வேண்டும். முட்டை நின்றபின் குறைந்தது ஒரு வாரமாவது இருட்டில் தனியே இருந்தால்தான் தசை இறுகும்.

நாங்கள் அந்தக் கோழியைத் திங்கட்கிழமை காலையிலேயே வெளிச்சமான சமையல் அறைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தோம், பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று.

முட்டை சிக்கிக்கொண்டால் எப்படித் தெரியும்?

முதல் கோழியின் கதை முடிவதற்குள் இரண்டாவது கோழி படுத்துவிட்டது. இதற்குச் சதை எதுவும் வெளியே வரவில்லை. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைக் கீழே தொங்கவிட்டு, பென்குயின் போல் நிமிர்ந்து நின்றது. முட்டையிடும் பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. வால் மேலும் கீழும் அசைந்தது, முக்கியது, ஒன்றும் வரவில்லை. எச்சமும் போடவில்லை. கொண்டை வெளுத்திருந்தது.

இவை முட்டை அடைப்பின் அறிகுறிகள். உறுதிப்படுத்த, கையுறையில் ஜெல் தடவி, சுண்டுவிரலையோ ஆள்காட்டி விரலையோ துவாரத்துக்குள் இரண்டு அங்குலம்வரை மெதுவாக விட்டால், கெட்டியாக, உருண்டையாக முட்டை தட்டுப்படும். வெளியிலிருந்து துவாரத்துக்குக் கீழே மெல்லத் தொட்டாலும் சிலவற்றில் தெரியும். அழுத்திப் பார்க்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் அதன் ஓட்டுச் சில்லுகள் குழாயைக் கிழித்துவிடும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். அதேபோல் நிமிர்ந்து நிற்கும் இன்னொரு கோழியின் வயிறு, தண்ணீர் நிரப்பிய பலூன் போல் தொங்கும், விரலுக்கு முட்டை தட்டுப்படாது. அது முட்டை அடைப்பு அல்ல. மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றில் விழுந்து சீழ் பிடித்திருக்கலாம், அல்லது வேறு காரணத்தால் வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். கீழே சொல்லும் முதலுதவி அதற்குப் பயன்படாது.

முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் எச்சமும் அடைபடும். முட்டை நரம்பை அழுத்துவதால் கால் தள்ளாடும். ஒரு நாள், இரண்டு நாள் தாண்டினால் பெரும்பாலான கோழிகள் பிழைப்பதில்லை. ஆகவே “நாளைக்குப் பார்க்கலாம்” என்று இதில் விடக் கூடாது.

வெதுவெதுப்பான தண்ணீர், சுண்ணாம்புச் சத்து, இருட்டு

ஒரு பேசினில் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில், மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சுடாத தண்ணீரை எடுங்கள். கோழியின் வயிறு முழுகும் அளவு போதும். அதில் பதினைந்து இருபது நிமிடம் உட்கார வையுங்கள். பெரும்பாலும் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். சூடு தசையைத் தளர்த்தும். ஆனால் நம் ஊர் வெயிலில் மத்தியான வேளையில் கோழி வாயைத் திறந்து இளைக்க ஆரம்பித்தால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஈரத்தைத் துடைத்தபின், துவாரத்தின் உள் விளிம்பில் ஜெல்லைத் தாராளமாகத் தடவுங்கள். பிறகு சுண்ணாம்புச் சத்து. தசை சுருங்குவதற்கும் கால்சியம் வேண்டும். அது குறைந்தால் முட்டையை வெளியே தள்ளும் வலு குழாய்க்கு இருக்காது. மருந்தகத்தில் விற்கும் 500 அல்லது 600 மில்லிகிராம் கால்சியம் மாத்திரையில் பாதியைப் பொடித்து, ஒரு துண்டு வாழைப்பழத்திலோ சோற்றிலோ வைத்துக் கொடுக்கலாம். தின்னாத கோழியின் வாயில் தண்ணீராகக் கரைத்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் அதுவே கொன்றுவிடும். அலகைத் திறந்து துண்டு மாத்திரையை நாக்கின் பின்பக்கம் வைத்து விழுங்க வைப்பது அதைவிடப் பாதுகாப்பானது.

பிறகு இருட்டான, சத்தமில்லாத பெட்டியில் விட்டுவிடுங்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். பயந்த கோழி முட்டையை உள்ளேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து முட்டை வரவில்லையென்றால் மறுபடியும் தண்ணீரில் வையுங்கள்.

அம்மாவின் இரண்டாவது கோழிக்குக் காலை ஒன்பது மணிக்கு இதை ஆரம்பித்தோம். மத்தியானம் ஒன்றரைக்கு இரண்டாவது தடவை தண்ணீரில் வைத்தோம். நாலு மணிக்குப் பெட்டிக்குள் ஈரமான ஒரு முட்டை கிடந்தது. பெரிய முட்டை. ஓடு காகிதம் போல் மெல்லியது, விரல் பட்டதும் அமுங்கியது. காரணம் எங்கே என்று அந்த முட்டையே காட்டிவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் முட்டை வந்திராவிட்டால் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் ஊசி மூலம் கால்சியம் கொடுப்பார். தேவைப்பட்டால் முட்டையை ஊசியால் உறிஞ்சிச் சுருக்கி வெளியே எடுப்பார். மாட்டுக்குப் போடும் பிரசவ ஊசியைத் தெரிந்தவர் மூலம் வாங்கி நாமே போடக் கூடாது. வழி திறக்காமல் குழாய் மட்டும் சுருங்கினால் அது உள்ளேயே கிழிந்துவிடும்.

சோறு தின்ற கோழி

கோழிகளை வாங்கிய முதல் மாதம் அம்மா முட்டைக்கோழித் தீனி வாங்கிப் போட்டார். மூட்டை தீர்ந்ததும் மிஞ்சிய சோறும் சோளமும் போட ஆரம்பித்தார். கோழிகள் ஆசையாகத் தின்றன. முட்டையும் குறையவில்லை. ஆறு வாரம் இப்படியே போனது.

கணக்கு எளியது. ஒரு முட்டையின் ஓட்டில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்கிறது. முட்டைக்கோழித் தீனியில் நூற்றுக்கு மூன்றரை முதல் நாலு பங்கு கால்சியம் கலந்திருக்கும். கோழி நாளொன்றுக்கு 110 கிராம் தின்றால் நாலு கிராம் கால்சியம் வயிற்றுக்குள் போகிறது. அதில் ஏறக்குறைய பாதி உடம்பில் சேர்கிறது. ஓட்டுக்கு அது சரியாகப் போய்விடுகிறது. அதே 110 கிராம் சோற்றில் இருக்கும் கால்சியம் ஒரு கிராமில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. எலும்பு தீர்ந்ததும் ஓடு மெலிகிறது, தசை வலுவிழக்கிறது, முட்டை சிக்குகிறது.

பென்சன் கோழிக்கு இது இரட்டை ஆபத்து. இளம் கோழியின் முதல் முட்டைகள் 50 கிராம் இருக்கலாம். வயதான கோழியின் முட்டை கடையில் நாம் வாங்கும் ஏ கிரேடு அளவுக்கு, 65 கிராமுக்கு மேல் போய்விடும். சோறும் சோளமும் கொழுப்பைச் சேர்க்கும். தளர்ந்த தசை, பெரிய முட்டை, கொழுத்த வயிறு மூன்றும் சேர்ந்தால் அடி தள்ளுவதில் வியப்பில்லை.

இன்னொரு காரணம் சமையலறைக்குப் பின்னால் எரிந்த விளக்கு. ஜொகூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் பத்து நிமிடம் அளவே வித்தியாசம். நம் கோழிகளுக்குப் பகலை நீட்டுவது சூரியன் அல்ல, நம் வீட்டு விளக்கு. காலை ஏழு மணிக்கு விடிகிறது. அம்மாவின் விளக்கோ இரவு பன்னிரண்டுவரை எரிந்தது. கோழிக்கு அது பதினேழு மணி நேரப் பகல். பண்ணையில்கூட வழக்கமாகப் பதினாறு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நீண்ட வெளிச்சம் முட்டையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். வாங்கிய குஞ்சை நீங்களே வளர்த்தால் இன்னும் கவனம் வேண்டும். உடம்பு வளர்வதற்கு முன்பே விளக்கு வெளிச்சம் அதை முட்டையிட வைத்துவிடும். சிறிய உடம்பில் முதல் முட்டையிலேயே அடி தள்ளும்.

இப்போது அம்மா செய்திருக்கும் மாற்றம் மூன்றுதான். கடையில் ‘டெடாக் ஆயாம் பெனெலூர்’ என்று கேட்டு முட்டைக்கோழித் தீனியையே முக்கிய உணவாகப் போடுகிறார். சோறு ஒரு கைப்பிடிதான், அதுவும் தீனி தின்றபின். இரண்டாவது, சமைத்துத் தின்ற கெராங் ஓட்டைக் கொதிநீரில் போட்டு, காயவைத்து, அரிசி அளவுக்கு இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறார். மாவாக இடிக்கக் கூடாது. பெரிய துண்டுகள்தான் கோழியின் வயிற்றில் மெதுவாகக் கரைந்து, ஓடு உருவாகும் இரவு நேரத்தில் உதவும். தனியாக வைப்பதும் காரணத்தோடுதான். தேவைப்படும் கோழி தின்னும், தேவைப்படாதது தின்னாது. முட்டையிடாத இளங்குஞ்சுகளுக்கு இவ்வளவு கால்சியம் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூன்றாவது, பின் விளக்கு இரவு ஒன்பதுக்கு அணைகிறது.

எப்போது அறுத்துவிட வேண்டும்?

முதல் கோழிக்குத் திரும்புவோம். செவ்வாய்க்கிழமை இருட்டுப் பெட்டிக்கு மாற்றினோம். புதன்கிழமை சதை உள்ளேயே இருந்தது. வியாழக்கிழமை காலை மூன்றாவது தடவை வெளியே வந்திருந்தது. இம்முறை ஓரத்தில் கறுத்திருந்தது, நாற்றமும் இருந்தது. கோழி தீனியைத் தொடவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தார். “இதுக்கு மேல வேணாம்மா, பாவம்” என்றார்.

அறுப்பதற்கான நேரம் எது என்பதை இப்படிச் சொல்லலாம். சதை கறுத்துச் செத்திருந்தால், கிழிந்திருந்தால், மற்ற கோழிகள் கொத்தி உண்மையாகவே குடல் வெளியே வந்திருந்தால், காத்திருக்க வேண்டாம், அன்றே முடித்துவிடுங்கள். சதையின் உள்பக்கம் புழு நுழைந்திருந்தாலும் அப்படியே. முட்டை சிக்கி இரண்டு நாளாகிக் கோழி நிற்க முடியாமல் போயிருந்தால், டாக்டரிடம் போகப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால், அதையும் நீட்டிக்கக் கூடாது. டாக்டரின் கட்டணம் கோழியின் விலையைவிட அதிகம் என்பது உண்மைதான். போகாமலிருப்பது தவறல்ல. போகவும் போகாமல், அறுக்கவும் அறுக்காமல், மூலையில் கிடந்து சாக விடுவதுதான் தவறு.

சுத்தமாக உள்ளே போய், இருட்டில் வைத்தும் மூன்றாவது தடவை திரும்பி வந்தால், அந்தத் தசை இனி இறுகப் போவதில்லை. அப்படிப்பட்ட கோழி ஒருவேளை ஆறினாலும், மறுபடி முட்டையிடத் தொடங்கும்போது மறுபடியும் தள்ளும். நாட்டுக்கோழியாக இருந்தால் அதன் முட்டையை அடை வைத்துக் குஞ்சு எடுக்காதீர்கள். இந்தப் பலவீனம் குஞ்சுக்கும் வரலாம்.

சாப்பிடலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. அன்றுதான் அடி தள்ளியது, கோழி சுறுசுறுப்பாகத் தீனி தின்கிறது, சதை சிவப்பாக இருக்கிறது, மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்றால், அறுத்துச் சமைக்கலாம். கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தால், உறையில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியாமல் சாப்பிடக் கூடாது. கோழி சோர்ந்து படுத்திருந்தால், சதை நாறினால், அறுத்துத் திறந்தபின் வயிற்றில் மஞ்சள் நீரோ சீழோ கட்டியோ இருந்தால், சமைக்க வேண்டாம். குறைந்தது இரண்டு அடி ஆழத்தில் புதைத்து, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். செம்பனைக் கால்வாயில் வீசினால் உடும்பும் நாயும் இழுத்துக்கொண்டு வரும்.

அறுப்பதைக் கை பழகியவரிடம் விடுங்கள். கூர்மையான கத்தி, ஒரே வெட்டு. தடியால் அடிப்பதும் தண்ணீரில் அமுக்குவதும் கொடுமை. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் கீழ், விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்க முடியும்.

கடைசியாக ஒன்று. அடி தள்ளுவதும் முட்டை சிக்குவதும் ஒட்டுவதில்லை. ஒரு கோழிக்கு வரும், தீனி தவறாக இருந்தால் சில வாரத்தில் இன்னொன்றுக்கு வரும். ஒரே நாளில் பல கோழிகள் தலைதொங்கிச் செத்தால் அது வேறு நோய். அறுக்காமல், விற்காமல், மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

முதல் கோழியைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவே அறுத்தார். சதை நாறியதால் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். இரண்டாவது கோழி பன்னிரண்டு நாள் முட்டையிடாமல் இருந்தது. பதின்மூன்றாம் நாள் போட்ட முட்டையை அம்மா மேசையில் தட்டிப் பார்த்தார். டக் என்று கெட்டியாகச் சத்தம் வந்தது. தாத்தா இப்போது தம் வீட்டுக் கெராங் ஓடுகளைப் பையில் கட்டி வேலிமேல் தொங்கவிட்டுப் போகிறார்.